கடைசிப் பதினைந்து நிமிடம், பத்து இயற்பியல் கேள்விகள்: எந்த இடத்தில் மாட்டினால் எதைச் சோதிப்பது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் மாலை நேரத்தில் நீட் எழுதும் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். மாதிரித் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் கொண்டு வரும் புகார் ஏறக்குறைய ஒன்றுதான். "மிஸ், இன்னும் கால் மணி நேரம் இருந்திருந்தா எல்லாத்தையும் போட்டிருப்பேன்." 180 நிமிடத்தில் 180 கேள்வி. அதில் இயற்பியல் 45. பெரும்பாலானவர்கள் உயிரியலில் தொடங்கி, வேதியியலை முடித்து, இயற்பியலைக் கடைசியில் தொடுவார்கள். கால்குலேட்டர் கிடையாது. அதனால் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பத்துப் பன்னிரண்டு கணக்குகள் மீந்து கிடக்கும்.

அந்த நேரத்தில் முழுக் கணக்கையும் போட்டு விடை காண முடியாது. நான்கு ஆப்ஷனில் எதெல்லாம் விடையாக இருக்கவே முடியாது என்று பார்த்து அடிக்கலாம். அதற்கு மூன்று சோதனைகள் போதும். ஒன்று, அலகு பொருந்துகிறதா என்பது. இரண்டாவது, அளவு நடைமுறையில் நடக்கக்கூடியதா என்பது. மூன்றாவது எல்லைநிலை: ஒரு ராசியைப் பூஜ்யமாக்கினாலோ, மிகப் பெரிதாக்கினாலோ, இரண்டைச் சமமாக்கினாலோ விடை ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்பது. இந்த மூன்றில் ஒவ்வொன்றுக்கும் கண் தெரியாத பகுதி ஒன்று உண்டு. எது எதைப் பார்க்காது என்று தெரியாமல் அடித்தால் சரியான விடையையே அடித்துவிடுவோம். பிள்ளைகள் எந்தெந்த இடத்தில் மாட்டுகிறார்களோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

விடை வந்தது, ஆப்ஷனிலும் அப்படியே இருந்தது, ஆனால் தவறு

இதுதான் எல்லாவற்றிலும் மோசமான இடம், ஏனென்றால் இங்கே சந்தேகமே வராது. "ஆப்ஷன்ல இருக்கே மிஸ், அப்ப சரிதானே?" என்பார்கள். கேள்வி தயாரிப்பவர்கள் தவறான மூன்று விடைகளையும் வெறுமனே போடுவதில்லை. மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவற்றைத் தாங்களே செய்துபார்த்து, அதில் வரும் எண்ணை ஆப்ஷனாக வைக்கிறார்கள். நம் விடை ஆப்ஷனில் இருக்கிறது என்பது அது சரி என்பதற்குச் சான்றே இல்லை.

வகுப்பில் நான் கொடுத்த ஒரு கணக்கு: ஒரு மோட்டார் 1000 லிட்டர் தண்ணீரை 12 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டிக்கு 10 நிமிடத்தில் ஏற்றுகிறது. தண்ணீரை உயர்த்தத் தேவைப்படும் சராசரித் திறன் என்ன? g-ஐ 10 என்று கொள்ளவும். ஆப்ஷன்கள்: 3.3 வாட், 200 வாட், 12 கிலோவாட், 200 கிலோவாட்.

செம்மண்டலத்திலிருந்து வரும் ஒரு பெண் அரை நிமிடத்தில் 12 கிலோவாட் என்று குறித்திருந்தாள். அவள் செய்தது இதுதான்:

```
P = mgh / t
  = 1000 × 10 × 12 / 10
  = 12000 W
```

பத்து நிமிடத்தைப் பத்து வினாடியாக எடுத்துவிட்டாள். வாட் என்றால் வினாடிக்கு ஒரு ஜூல், ஆகவே கீழே 600 வர வேண்டும். அப்படிப் போட்டால் 200 வாட். அவசரத்தில் இந்தத் தவறு யாருக்கும் வரும். எனக்குக் கவலை தந்தது வேறு: 12 கிலோவாட் என்ற எண் கண்முன் வந்தும் அவளுக்கு எதுவும் உறுத்தவில்லை.

"உங்க வீட்டு மோட்டார் எத்தனை ஹெச்.பி. பாப்பா?" என்று கேட்டேன்.

"ஒரு ஹெச்.பி. மிஸ்."

ஒரு குதிரைத்திறன் 746 வாட். 12 கிலோவாட் என்றால் பதினாறு குதிரைத்திறன். மொட்டைமாடித் தொட்டிக்குப் பத்து நிமிடம் தண்ணீர் ஏற்றப் பதினாறு ஹெச்.பி. மோட்டாரா? 200 கிலோவாட் அதைவிடப் பல மடங்கு. மறுபக்கம் 3.3 வாட் ஒரு சின்ன இரவு விளக்குக்கான திறன், அது ஒரு டன் தண்ணீரைத் தூக்காது. கணக்கே போடாமல் மூன்றும் விழுந்தன. மிச்சம் 200 வாட். மோட்டாரில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தாலும் ஒரு ஹெச்.பி. மோட்டாருக்குள் அடங்கிவிடுகிறது.

அளவைச் சோதிக்க இப்படிச் சில அளவுகள் கையிருப்பில் இருக்க வேண்டும். நான் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்வது கொஞ்சம்தான். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 10 மீட்டர், ஊருக்குள் போகும் பேருந்தின் வேகம் அதையொட்டி இருக்கும். பத்து மீட்டர் ஆழத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் தரும். தேவனாம்பட்டினம் கடலில் பத்து மீட்டர் ஆழத்துக்கு முங்கினால் உடம்பின்மேல் மொத்தம் இரண்டு வளிமண்டலம். நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஒரு யூனிட் 210 மெகாவாட். ஒரு பம்புக்கோ காருக்கோ அந்த அளவில் விடை வந்தால் பத்தின் அடுக்கில் எங்கோ பிசகு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400-லிருந்து 700 நானோமீட்டர் வரை. அணுவின் அளவு ஒரு ஆங்ஸ்ட்ராம் சுற்றுவட்டத்தில்.

கடைசி இரண்டும் சேர்ந்து ஒரு பொறியை உண்டாக்கும். வெளியேற்று ஆற்றல் 2 எலக்ட்ரான் வோல்ட் உள்ள உலோகத்தின் பயன்தொடக்க அலைநீளம் கேட்பார்கள். 1240-ஐ 2-ஆல் வகுத்தால் 620 நானோமீட்டர். ஆனால் ஆப்ஷனில் 6200 நானோமீட்டரும் இருக்கும், 6200 ஆங்ஸ்ட்ராமும் இருக்கும். பத்து ஆங்ஸ்ட்ராம் சேர்ந்தது ஒரு நானோமீட்டர், ஆகவே ஆங்ஸ்ட்ராமில் உள்ளதுதான் விடை. 6200 என்ற எண்ணைப் பார்த்ததும் பேனா இறங்கிவிடுகிறது, பக்கத்தில் உள்ள அலகைக் கண் பார்ப்பதில்லை. எண்ணைக் கையால் மறைத்து அலகை முதலில் படிக்கச் சொல்லிப் பழக்குகிறேன்.

நான்கு ஆப்ஷனும் வெறும் எழுத்தாக இருக்கிறது, வருவிக்க நேரமில்லை

இங்கே அளவுச் சோதனைக்கு வேலையில்லை. எண்ணே இல்லையே. பலரும் நேராகப் பரிமாணத்துக்குப் போவார்கள். அது சில சமயம் ஒரே அடியில் இரண்டைத் தள்ளும். நிறையோடு நீளத்தைக் கூட்டியிருக்கும் ஆப்ஷன் உயிரோடு இருக்க முடியாது. ஆனால் நல்ல கேள்வியில் நான்கு ஆப்ஷனுக்கும் பரிமாணம் ஒன்றாகவே இருக்கும். அங்கே எல்லைநிலைதான் கைகொடுக்கும்.

ஒரு கேள்வியை முழுக்கப் பார்ப்போம். M நிறையுள்ள திண்ம வட்டத்தட்டு ஒரு கப்பியாக இருக்கிறது. அதன்மேல் செல்லும் நிறையற்ற கயிற்றின் ஒரு முனையில் m₁, மறு முனையில் m₂ தொங்குகின்றன. m₁ பெரியது. கயிறு கப்பியில் வழுக்கவில்லை, அச்சில் உராய்வு இல்லை. முடுக்கம் என்ன?

```
(1)  (m₁ − m₂)g / (m₁ + m₂ + M)
(2)  (m₁ − m₂)g / (m₁ + m₂ + M/2)
(3)  (m₁ + m₂)g / (m₁ − m₂ + M/2)
(4)  (m₁ − m₂)g / (m₁ + m₂ − M/2)
```

முதலில் பரிமாணம். நான்கிலும் மேலே நிறையும் g-யும், கீழே நிறை. நான்கும் முடுக்கமே. ஒன்றும் விழவில்லை, அங்கே நிற்காமல் அடுத்ததற்குப் போக வேண்டும்.

இரண்டு நிறைகளும் சமமாக இருந்தால்? கிணற்று ராட்டினத்தில் இரண்டு பக்கமும் ஒரே எடையுள்ள குடம் கட்டி அசையாமல் விட்டால் எதுவும் நகராது. முடுக்கம் பூஜ்யமாக வேண்டும். (3)-இல் மேலே கூட்டல் இருப்பதால் பூஜ்யம் வராது. (3) விழுந்தது.

கப்பி மிகக் கனமாக இருந்தால்? கனமான சக்கரத்தைச் சுழற்றுவது கடினம், எனவே முடுக்கம் குறைய வேண்டும். (4)-இல் M கூடக் கூட கீழே உள்ள எண் சிறுத்துக்கொண்டே போய் முடுக்கம் ஏறுகிறது. M இரண்டு நிறைகளின் கூடுதலைப் போல இரு மடங்கானால் கீழே பூஜ்யமே வந்துவிடும். (4) விழுந்தது.

மிச்சம் (1), (2). M-ஐப் பூஜ்யமாக்கினால் இரண்டுமே பாடப்புத்தகத்தில் உள்ள நிறையற்ற கப்பியின் சூத்திரத்தைத் தருகின்றன. M-ஐப் பெரிதாக்கினால் இரண்டிலும் முடுக்கம் குறைகிறது. எந்த எல்லைக்குப் போனாலும் இரண்டும் ஒன்றுபோலவே நடக்கின்றன. பரிமாணமும் எல்லைநிலையும் பார்க்காத பகுதி இதுதான்: ½, 2, π போன்ற வெறும் எண்கள் இவற்றின் கண்ணில் படுவதேயில்லை. இதைத் தெரிந்துகொண்டவர் இங்கே இன்னொரு எல்லையைத் தேடி முப்பது வினாடியை வீணாக்க மாட்டார்.

வெறும் எண் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் யோசித்தால் போதும். அது கப்பியின் வடிவத்திலிருந்து வருகிறது. நிறை முழுவதும் விளிம்பில் இருந்தால், அந்த விளிம்பு கயிற்றின் வேகத்திலேயே ஓடும். கயிற்றில் கூடுதலாக M தொங்குவதுபோல அது முழுதாகச் சேரும். அப்போது (1). திண்மத் தட்டில் நிறை மையம் வரை பரவியிருக்கிறது, உள்பகுதி மெதுவாக ஓடுகிறது, ஆகவே முழு M-ஐவிடக் குறைவாகத்தான் சேரும். தட்டின் நிலைமத் திருப்புத்திறன் ½MR² என்பது நினைவிருந்தால் M/2 நேராகவே வந்துவிடும். விடை (2).

கேள்வியில் 'திண்ம வட்டத்தட்டு' என்ற ஒரே சொல்தான் கடைசி இரண்டையும் பிரிக்கிறது. அதற்குப் பதில் 'மெல்லிய வளையம்' என்று இருந்திருந்தால் விடை (1). எனவே இரண்டில் மாட்டி நிற்கும்போது ஆப்ஷன்களையே முறைத்துப் பார்ப்பதைவிட, கேள்விக்குத் திரும்பிப் போய் அதுவரை பயன்படுத்தாத சொல் எது என்று பார்க்கச் சொல்வேன். தமிழ்த் தாளில் எழுதுபவர்கள் அந்தச் சொல்லைப் பக்கத்தில் உள்ள ஆங்கிலத்திலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது.

வெப்பநிலை செல்சியசில் இருக்கிறது

இது சின்ன விஷயம், ஆனால் ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேராவது விழுகிறார்கள். மூடிய உறுதியான கலத்தில் உள்ள வாயுவை 27-லிருந்து 127 டிகிரி செல்சியசுக்குச் சூடேற்றினால் அழுத்தம் எத்தனை மடங்காகும்? ஆப்ஷன்களில் 127/27 அப்படியே உட்கார்ந்திருக்கும். சரியான விடை 400-ஐ 300-ஆல் வகுத்தது, அதாவது 4/3.

கெல்வினுக்கு மாற்ற மறந்துவிட்டோம் என்பதைக் கண்டுபிடிக்கவும் எல்லைநிலையே உதவும். அதே வாயுவைப் பூஜ்யம் டிகிரி செல்சியசிலிருந்து சூடேற்றியிருந்தால், உங்கள் முறைப்படி பூஜ்யத்தால் வகுக்க நேரும். பனிக்கட்டியின் வெப்பநிலையிலிருந்து கொஞ்சம் சூடாக்கியதற்கு அழுத்தம் எல்லையில்லாமல் ஏறுமா? ஏறாது என்றால் அந்த விகிதமே தவறு. ஆனால் வெப்பநிலை வேறுபாடு மட்டும் வரும் கணக்கில், அதாவது தன்வெப்ப ஏற்புத்திறன், நீள்விரிவு போன்றவற்றில், மாற்ற வேண்டியதில்லை. நூறு செல்சியஸ் வேறுபாடும் நூறு கெல்வின் வேறுபாடும் ஒன்றே. அங்கேயும் 273-ஐக் கூட்டிக்கொண்டிருப்பவர்கள் நேரத்தை இழக்கிறார்கள், சில சமயம் விடையையும்.

சரியான விடையை நானே அடித்துவிட்டேன்

அளவுச் சோதனையை நன்றாகப் பழகியவர்களுக்குத்தான் இது வரும். வீடு, தெரு, பேருந்து என்று நாம் பார்த்த உலகத்திலிருந்து எடுத்த அளவுகள் எல்லா இடத்திலும் செல்லாது.

1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள தாமிரக் கம்பியில் 1.36 ஆம்பியர் மின்னோட்டம். ஒரு கன மீட்டரில் 8.5 × 10²⁸ கட்டுறா எலக்ட்ரான்கள். இழுப்புத் திசைவேகம் என்ன? ஆப்ஷன்கள் வினாடிக்கு 10⁻⁷, 10⁻⁴, 10², 10⁸ மீட்டர். வகுப்பில் பாதிப் பேர் முதல் இரண்டையும் உடனே அடித்துவிட்டார்கள். "சுவிட்ச் போட்டதும் லைட் எரியுதே மிஸ், எலக்ட்ரான் எப்படி மெதுவாப் போகும்?" என்று ஒரு தம்பி கேட்டான்.

நியாயமான கேள்வி. சுவிட்சைப் போட்டதும் கம்பி முழுவதும் மின்புலம் ஏறக்குறைய உடனே ஏற்பட்டுவிடுகிறது, விளக்குக்குள் ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்களே நகரத் தொடங்குகின்றன. குழாய் நிறையத் தண்ணீர் நிற்கும்போது இந்த முனையில் திறந்தால் அந்த முனையில் கொட்டுவதைப் போல. தனி எலக்ட்ரான் ஊர்ந்துதான் போகிறது:

```
v = I / (nAe)
  = 1.36 / (8.5×10²⁸ × 10⁻⁶ × 1.6×10⁻¹⁹)
  = 10⁻⁴ m/s
```

வினாடிக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர். 10⁻⁷ எங்கிருந்து வந்தது என்றும் கவனியுங்கள். சதுர மில்லிமீட்டரை 10⁻³ சதுர மீட்டர் என்று எழுதினால் அது வரும். மில்லிமீட்டர் 10⁻³ மீட்டர், அதைச் சதுரப்படுத்தினால் 10⁻⁶. பரப்பு, கன அளவு வரும் இடத்தில் எல்லாம் இந்த ஒரு படியை மட்டும் அவசரத்திலும் எழுதிப் பார்க்க வேண்டும்.

அளவுச் சோதனையை எங்கே நம்பலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் கோடு இது: கையால் தூக்க, தொட, கண்ணால் பார்க்க முடிந்த பொருள் என்றால் நம்பலாம். எலக்ட்ரான், அணுக்கரு, மின்தேக்கி, காந்தப்புலம் என்றால் உள்ளுணர்வை ஒதுக்கிவிட்டு, மனப்பாடமாகத் தெரிந்த ஓர் அளவோடு மட்டும் ஒப்பிட வேண்டும். அப்படி ஒன்று தெரியாவிட்டால் அளவை வைத்து எதையும் அடிக்கக் கூடாது.

இரண்டு மிச்சம், முடிவெடுக்க முடியவில்லை

சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு, விட்டால் பூஜ்யம். இரண்டில் ஒன்றைக் குறித்தால் சராசரியாகக் கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண் கிடைக்கும். மூன்று மிச்சமிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு. நான்கும் அப்படியே இருந்தால் கால் மதிப்பெண், ஆனால் நான்கில் மூன்று முறை ஒன்று குறையும். இரண்டாகக் குறைத்த பின் விட்டுவிட்டு வருவது கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு வருவதுதான். குறித்துவிடுங்கள்.

இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையில்தான் நிற்கிறது: நீக்கிய இரண்டும் உண்மையிலேயே தவறாக இருக்க வேண்டும். "இது பார்க்க சரியா இல்ல" என்று அடித்ததெல்லாம் இதில் சேராது. காரணத்தைத் தனக்குள்ளாவது ஒரு வாக்கியமாகச் சொல்ல முடிந்தால்தான் அது நீக்கம்.

நேரத்துக்கும் ஒரு கோடு வேண்டும். மீந்த கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். முதல் இருபது வினாடியில் ஓர் ஆப்ஷன்கூட விழவில்லை என்றால் அந்தக் கேள்வி இந்த முறைக்கு உரியதல்ல, விட்டு நகர வேண்டும். விடைகள் 2.4, 2.5, 2.6 என்று நெருங்கி இருந்தால் அளவுச் சோதனையும் அலகுச் சோதனையும் பயன்படாது. கூற்று–காரணம் வகைக் கேள்விகளும் அப்படித்தான். இன்னொன்று, ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பதைக் கடைசிக்கு வைக்கக் கூடாது. பேனாவால் குறித்ததைத் திருத்த முடியாது, அவசரத்தில் ஒரு வரிசை தள்ளிக் குறித்தால் இத்தனை சோதனையும் வீண். ஒவ்வொரு கேள்வியையும் முடித்த கையோடு குறித்துவிட வேண்டும்.

எங்கே தவறுகிறேன் என்றே தெரியவில்லை

மாதிரித் தேர்வுகளில் பிள்ளைகளை ஒன்று செய்யச் சொல்கிறேன். வினாத்தாளில் ஓர் ஆப்ஷனை அடிக்கும்போது பக்கத்தில் ஓர் எழுத்து: அலகால் அடித்தால் 'அ', அளவால் அடித்தால் 'ள', எல்லைநிலையால் அடித்தால் 'எ'. விடைகள் வந்த பின், அடிபட்ட சரியான விடைகளை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றின் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

12 கிலோவாட் குறித்த அந்தப் பெண் நான்கு மாதிரித் தேர்வுத் தாள்களை இப்படிப் பார்த்தாள். சரியான விடையை அடித்த இடங்கள் மொத்தம் ஒன்பது. ஒன்றில் 'எ', இரண்டில் 'அ', மீதி ஆறிலும் 'ள'. அந்த ஆறில் ஐந்து மின்னோட்டவியல், அணு இயற்பியல் பாடங்களில் இருந்தவை. இப்போது அந்த இரண்டு பாடங்களிலிருந்து கேள்வி வந்தால் அவள் 'ள' போடுவதில்லை. அலகைப் பார்க்கிறாள், எல்லையைப் பார்க்கிறாள், இரண்டிலும் ஒன்றும் விழாவிட்டால் பக்கத்தைத் திருப்பிவிடுகிறாள்.